அழிச்சு எழுதின 348: ஒத்ததிர்வுக் குழாயும் ரயில்வே கேட் ஹார்னும்

மஞ்சக்குப்பத்துல என் வீட்டு மாடில பதினொண்ணாம் வகுப்பு பிசிக்ஸ் டியூஷன் எடுக்கறேன், அலைகள் பாடம் முடிஞ்ச வாரம் மூணு பசங்களோட ரெக்கார்டு நோட்டையும் கணக்கு தாளையும் வாங்கி வச்சு பார்த்தேன். மூணு பேரும் ஒரே ஸ்கூல், லேப்ல ஒரே குரூப், ஒரே குழாய், ஒரே டியூனிங் ஃபோர்க், ஆனா ஒலியோட வேகம் மட்டும் மூணு பேருக்கும் மூணு விதமா வந்திருந்துச்சு. தேவனாம்பட்டினத்துப் பையனுக்கு 326, நெல்லிக்குப்பத்துப் பையனுக்கு 341, செம்மண்டலத்துப் பொண்ணுக்கு 340. அந்தப் பொண்ணு நோட்டுல மட்டும் ஒரு இடத்துல ரப்பர் போட்டு அழிச்ச தடம் இருந்துச்சு, பேப்பர் கொஞ்சம் பஞ்சு மாதிரி எழும்பி, கீழ மங்கலா பழைய எண் தெரிஞ்சுது. இந்த எழுத்து முழுக்க அந்த அழிச்ச எண்ணைப் பத்தித்தான்.

முதல்ல சோதனை என்னன்னு சொல்லிடறேன். தண்ணி நிரப்பின நீளமான கண்ணாடிக் குழாய், தண்ணி மட்டத்தை ஏத்தி இறக்கலாம். வாய்க்கு மேல 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை ரப்பர் பேட்ல தட்டிப் பிடிச்சுக்கிட்டே மட்டத்தை இறக்கினா ஒரு இடத்துல சத்தம் திடீர்னு கணீர்னு பெருசாகும், அதுதான் முதல் ஒத்ததிர்வு, அந்தக் காற்றுத்தம்ப நீளம் L1. இன்னும் இறக்கிக்கிட்டே போனா மறுபடி ஒரு இடத்துல கணீர்னு கேக்கும், அது L2. தண்ணி மட்டம் மூடின முனை, அங்க காத்து அசைய முடியாது, அதனால கணு. மேல வாய் திறந்த முனை, அங்க காத்து அதிகமா ஆடும், அதனால எதிர்க்கணு. அதனால முதல் ஒத்ததிர்வுல குழாய்க்குள்ள அலைநீளத்துல கால்வாசி இருக்கு, ரெண்டாவதுல முக்கால்வாசி.

இந்த குரூப் எடுத்த அளவு L1 = 15.9 செ.மீ, L2 = 49.9 செ.மீ. குழாயோட உள் விட்டம் 3.6 செ.மீ, வெர்னியர்ல அளந்து நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க, இது நல்ல பழக்கம், நிறைய பேர் எழுதறதே இல்ல. லேப் சுவத்துல இருந்த தெர்மாமீட்டர் 30 டிகிரி காட்டுச்சாம், அதை நெல்லிக்குப்பத்துப் பையன் மட்டும் ஓரமா குறிச்சிருந்தான்.

தேவனாம்பட்டினத்துப் பையன் L1 மட்டும் எடுத்து நாலால பெருக்கி அலைநீளம் 63.6 செ.மீன்னு போட்டு, அதை 512 ஆல பெருக்கி 325.6னு முடிச்சிட்டான். பெருக்கல்ல தப்பே இல்ல. நான் அவன்கிட்ட கேட்டது ஒண்ணுதான், "தம்பி, காத்துல ஒலி வேகம் சுழி டிகிரில 331, ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 கூடும்னு படிச்சோம்ல, அப்போ உன் 325.6 எந்த வெப்பநிலைக்கு வரும்னு போட்டுப் பாரு"ன்னு. போட்டான். மைனஸ் 9 டிகிரி வந்துச்சு. கடலூர்ல, லேப்ல ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கறப்போ மைனஸ் 9 டிகிரி. அவனே பேனாவை கீழ வச்சிட்டான்.

நெல்லிக்குப்பத்துப் பையன் L2 எடுத்தான், முக்கால் அலைநீளம்னு சரியா புரிஞ்சு 4 × 512 × 0.499 ஐ மூணால வகுத்து 340.6 வாங்கினான். அவனுக்கு ஒரே சந்தோஷம், ஏன்னா எல்லாரும் மனப்பாடமா சொல்ற எண் 340, அது டக்குனு வந்துடுச்சு. ஆனா அதே சோதனையைப் போட்டா 340.6ங்கறது 16 டிகிரிக்கு உள்ள வேகம். நம்ம ஊர்ல மார்கழி மாசம்கூட பகல்ல லேப்ல 16 டிகிரி இருக்காது. அவன் ஓரத்துல அவனே எழுதின 30 டிகிரி அவன் விடையை மறுக்குது, அதை அவன் பார்க்கல. எனக்கு 326ஐ விட இந்த 341தான் அதிகம் கவலை குடுத்துச்சு, ஏன்னா 326ஐ பார்த்தா யாருக்கும் சந்தேகம் வரும், 341 வந்தா யாரும் திரும்பிப் பார்க்கவே மாட்டாங்க.

ரெண்டு பேருக்குமே விட்டுப்போனது ஒரே விஷயம், முனைத்திருத்தம். திறந்த வாய்ல எதிர்க்கணு குழாயோட விளிம்புல சரியா உக்காராது, கொஞ்சம் வெளிய, மேல தள்ளி இருக்கும், ஏன்னா வாய்க்கு வெளிய இருக்கற கொஞ்சம் காத்தும் உள்ள இருக்கறதோட சேர்ந்தே ஆடுது. அந்தக் கொஞ்சம் எவ்வளவுன்னா விட்டத்துல ஏறக்குறைய 0.3 பங்கு. 3.6 செ.மீ விட்டத்துக்கு 1.08 செ.மீ. பார்க்க ஒரு விரல் அகலம்கூட இல்ல, ஆனா L1 மட்டும் வச்சு கணக்கு போட்டா அதை நாலாலயும் 512 ஆலயும் பெருக்கறோம், அதனால 22 மீட்டர்/வினாடி குறைஞ்சிடுது. L2 ல போட்டா அதே 1.1 செ.மீ மூணுல ஒரு பங்காத்தான் பாதிக்கும், 7 மீட்டர்/வினாடி கிட்ட குறையும். இப்போ பாருங்க, 325.6 உடன் 22, 340.6 உடன் 7, ரெண்டும் 348 பக்கத்துல வந்து நிக்குது. தற்செயல் இல்ல இது, ரெண்டு விடையும் ஒரே உண்மையான எண்ல இருந்து வேற வேற தூரம் தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான்.

இந்தத் திருத்தத்தை தனியா கண்டுபிடிக்காமலே ஒழிச்சுக்கட்டத்தான் ரெண்டு ஒத்ததிர்வையும் கழிக்கறோம். முனைல இருக்கற அந்த 1.1 ரெண்டு நீளத்துலயும் அப்படியே இருக்கு, கழிச்சா போயிடும், மிச்சம் இருக்கறது சரியா அரை அலைநீளம்.

```
v = 2 f (L2 - L1)
v = 2 × 512 × (0.499 - 0.159) = 348.2
```

2 × 512ன்னா 1024. அதனால நீளத்துல ஒரு மில்லிமீட்டர் தப்பினா வேகத்துல ஏறக்குறைய ஒரு மீட்டர்/வினாடி தப்பும். இதை பசங்க மனசுல வச்சுக்கிட்டா போதும், எத்தனை தசமம் எழுதணும்னு தனியா சொல்லித்தரவே வேண்டாம். சத்தம் பெருசாகற இடம் ஊசி முனை மாதிரி இருக்காது, ரெண்டு மூணு மில்லிமீட்டர் அகலத்துக்கு பெருசாவே கேக்கும், மட்டத்தை வேகமா இறக்கினா தாண்டிப் போய்தான் நிப்போம், அதனால கீழ இறக்கி ஒரு தடவை, மேல ஏத்தி ஒரு தடவை எடுத்து சராசரி போடணும். அப்படி எடுத்தாலும் இந்த 348க்கு பக்கத்துல மூணு மீட்டர் கூடக்குறைய இருக்கும்னுதான் நான் எடுத்துப்பேன். 30 டிகிரிக்கு வர வேண்டியது 349, குழாய்க்குள்ள தண்ணி இருக்கறதால காத்து ஈரமா இருக்கும், ஈரக் காத்துல ஒலி கொஞ்சம் வேகமாப் போகும், அதுக்கு ஒண்ணு ரெண்டு மீட்டர் சேர்த்தாலும் 348 உள்ள வந்துடுது, 341 வராது.

இப்போ செம்மண்டலத்துப் பொண்ணு நோட்டுக்கு வர்றேன். கழிக்கற முறையை சரியா செஞ்சது அவ ஒருத்திதான். ஆனா அவ நோட்டுல L2 = 49.1னு இருந்துச்சு, ரெண்டு பசங்க நோட்டுலயும் 49.9. அதுக்கு மேலதான் ரப்பர் தடம். 49.1 போட்டா வித்தியாசம் 33.2 செ.மீ, வேகம் கிளீனா 340. அவ எழுதினது அப்படியே ஒண்ணாம் நம்பரா சரியா இருந்துச்சு, நான் சந்தேகப்பட்டதே முனைத்திருத்தத்தைப் போட்டுப் பார்த்தப்போதான். ரெண்டு நீளமும் இருந்தா திருத்தத்தை நோட்டுல இருந்தே எடுக்கலாம்.

```
e = (L2 - 3 L1) / 2
49.9 வச்சா:  e = (49.9 - 47.7) / 2 = 1.1 செ.மீ
49.1 வச்சா:  e = (49.1 - 47.7) / 2 = 0.7 செ.மீ
```

விட்டம் 3.6 ன்னா 1.08 கிட்ட வரணும். 49.9 அங்க உக்காருது, 49.1 உக்காரல. இதை மட்டும் வச்சு யாரையும் குத்தம் சொல்லிடக் கூடாது, ஏன்னா L1 ல ரெண்டு மில்லிமீட்டர் தப்பினா இந்த e மூணு மில்லிமீட்டர் மாறிடும், நேர்மையா அளந்தவங்களுக்கும் 0.7 வரலாம். ஆனா பக்கத்துல ரப்பர் தடமும் இருக்கு, அதே குரூப்ல 49.9 ம் இருக்கு. அதனால அவளைத் தனியா கூப்பிட்டு மெதுவாத்தான் கேட்டேன்.

"மிஸ், எனக்கு 348 வந்துச்சு மிஸ். லேப்ல பார்த்துட்டு 340 தான் வரணும், எங்கயோ தப்பா அளந்திருக்கேன்னு சொல்லி சிவப்புல சுழிச்சாங்க. மறுபடி அளக்க டைம் இல்ல. அதான் மாத்தினேன்."

கண்ணுல தண்ணி நின்னுச்சு அவளுக்கு. எனக்கு அவ மேல கோவம் வரல, மனசுதான் கஷ்டமா இருந்துச்சு, சரியா அளந்து சரியா கழிச்சு சரியான விடை வாங்கின ஒரே ஆளை உக்கார வச்சு தப்பான விடையை எழுத வச்சிருக்கோம். 340ங்கறது கணக்கு சுலபமா இருக்கட்டும்னு வச்சுக்கிட்ட எண், அது எல்லா ஊருக்கும் எல்லா நாளுக்கும் உண்டான எண் இல்ல. 20 டிகிரிக்கு 343, நம்ம ஊர் வெயில் நாள்ல மத்தியானம் 36 டிகிரி போனா 352 க்கு மேல.

இதுல ஒரு விஷயம் எங்க பசங்களுக்கு சொன்னேன், அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது. மெட்ராஸ் வானாய்வுக்கூடத்துல இருந்த கோல்டிங்ஹாம் 1820 வாக்குல இதையேதான் பெருசா செஞ்சார், செயின்ட் ஜார்ஜ் கோட்டைலயும் பரங்கிமலைலயும் பீரங்கி சுடுவாங்க, அந்த வெளிச்சம் தெரிஞ்சதுல இருந்து சத்தம் வந்து சேர எத்தனை நேரம்னு அளந்தார், கூடவே அன்னிக்கு வெப்பநிலை, ஈரப்பதம், காத்து எல்லாம் குறிச்சுக்கிட்டார், 1823 ல அது பிரசுரமும் ஆச்சு. நம்ம கடற்கரைக் காத்துல ஒலி எவ்வளவு வேகமாப் போகும்னு ஐரோப்பாக் குளிர்ல அளந்த எண்ணை வச்சு முடிவு பண்ணல அவர், வெப்பநிலையை பக்கத்துல எழுதாத அளவை அளவாவே எடுத்துக்கல. நம்ம ரெக்கார்டு நோட்டுல வெப்பநிலைக்கு ஒரு கட்டம்கூட பல பேர் போடறதில்ல.

L1, L2 பார்த்த உடனேயே செய்யக்கூடிய இன்னொரு சோதனை இருக்கு, கால்குலேட்டர்கூட வேண்டாம். L2 ஐ L1 ஆல வகுத்துப் பாருங்க. முனைத்திருத்தமே இல்லன்னா சரியா 3 வரும். திருத்தம் இருக்கறதால எப்பவும் 3 ஐ விட கொஞ்சம் கூடத்தான் வரணும், இவங்களுக்கு 3.14. மூணுக்கு கீழ வந்துச்சுன்னா எங்கயோ கோளாறு, பெரும்பாலும் ஸ்கேலோட சுழி குழாயோட வாய்ல இல்லாம அதுக்கு மேல இருக்கும், ரெண்டு நீளமும் கூடுதலா படிச்சிருப்பாங்க. அப்படி இருந்தாலும் கழிச்சு வாங்கின வேகம் சரியாவே இருக்கும், அதுதான் கழிக்கறதோட அருமை. ரெண்டு கிட்ட வந்துச்சுன்னா நடுவுல வேற ஏதோ சத்தத்தை ஒத்ததிர்வுன்னு நினைச்சு நிறுத்தியிருக்காங்க, மூடிய குழாய்ல 1, 3, 5 தான் வரும், 2 கிடையாது.

அதே தாள்ல அடுத்த கேள்வி, "இதே சோதனையை குளிர்ந்த அறையில் செய்தால் என்ன மாறும்?" மூணு பேர்ல ரெண்டு பேர் அதிர்வெண் குறையும்னு எழுதியிருந்தாங்க. வேகம் குறையுது, v = fλ, அதனால f குறையுதுன்னு வாதம். சூத்திரம் அதைச் சொல்லாது, எது குறையும்னு சூத்திரத்துக்குத் தெரியாது, யார் எதைப் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு நாமதான் பார்க்கணும். இங்க அதிர்வெண்ணைப் பிடிச்சு வச்சிருக்கறது இரும்பு ஃபோர்க், அறை குளிர்ந்தாலும் அது கிட்டத்தட்ட 512 தான் ஆடும். அதனால அலைநீளம்தான் சுருங்கும், L1, L2 ரெண்டும் சின்னதாகும், தண்ணியை மேல ஏத்த வேண்டி வரும். இதுவே புல்லாங்குழல்னா கதை தலைகீழ். அங்க துளைகளுக்கு நடுவுல இருக்கற நீளம் மூங்கில்ல வெட்டி வச்சது, மாறாது, அலைநீளம் பிடிபட்டிருக்கு, அதனால வேகம் கூடினா சுருதிதான் ஏறும். 20 டிகிரில இருந்து 32 டிகிரிக்குப் போனா வேகம் 2 சதவீதம் கூடும், சுருதியும் அந்த அளவு ஏறும், கச்சேரில கூட உக்கார்ற வயலின்காரருக்கு நல்லாவே காதுல விழற அளவு.

இந்த ஒரு கேள்வி, யார் எதைப் பிடிச்சு வச்சிருக்காங்க, சத்தம் போடறதோ கேக்கறவரோ நகரும்போது சுருதி மாறற டாப்ளர் கணக்குலயும் அப்படியே உதவும். தாள்ல இருந்த கணக்கு இது: 400 ஹெர்ட்ஸ் ஹார்ன் அடிச்சுக்கிட்டு ரயில் மணிக்கு 72 கி.மீ வேகத்துல வருது, ஒலி வேகம் 350, கேட்ல நிக்கறவங்களுக்கு வரும்போது என்ன, போகும்போது என்ன. ரயில் நகரும்போது ஹார்ன் வினாடிக்கு 400 தடவைதான் ஆடுது, அது மாறல. ஆனா ஒரு அலை கிளம்பி அடுத்தது கிளம்பறதுக்குள்ள ரயில் 5 செ.மீ முன்னாடி வந்திடுது (20 மீட்டரை 400 ஆல வகுத்தா 5 செ.மீ), அதனால முன்பக்கம் அலைநீளம் 87.5 ல இருந்து 82.5 ஆ நெருங்கிடும், பின்பக்கம் 92.5 ஆ விரியும். 350 ஐ 0.825 ஆல வகுத்தா 424, 0.925 ஆல வகுத்தா 378. கூட்டலா கழித்தலான்னு குழம்பவே வேண்டாம், முன்னாடி அலை நெருங்குமா விரியுமான்னு படம் போட்டா போதும். ரயில் நின்னுக்கிட்டு நாம பைக்ல அதை நோக்கிப் போனா வேற, அங்க காத்துல கிடக்கற அலைநீளம் 87.5 அப்படியேதான் இருக்கு, நாம அதை வேகமா சந்திக்கறோம், அவ்வளவுதான். அங்கயும் அலைநீளம் குறையும்னு எழுதினா விடை சரியா வந்தாலும் நான் மார்க் போட மாட்டேன்.

தேவனாம்பட்டினத்துப் பையன் திசை சரியா எழுதினான், ஆனா 72 ஐ மீட்டர்/வினாடிக்கு மாத்தாம அப்படியே போட்டு வரும்போது 504, போகும்போது 332 ன்னு எழுதியிருந்தான். இதை எப்படி எண்ணைப் பார்க்காமலே பிடிக்கலாம்னா, காதால. 504 க்கும் 332 க்கும் விகிதம் ஒண்ணரை, அது ஷட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள தூரம். அப்படின்னா ரயில் கேட்டைத் தாண்டும்போது ஹார்ன் ப ல இருந்து ச க்கு விழணும். அவன் சின்ன வயசுல கீபோர்டு கத்துக்கிட்டவன், கேட்ட உடனே "இல்ல மிஸ், அவ்ளோ விழாது"ன்னுட்டான். சரியான விடை 424 க்கு 378, விகிதம் 1.12, ச க்கும் அடுத்த ரி க்கும் உள்ள தூரம், கீபோர்டுல ஒரு வெள்ளைக் கட்டைக்கு அடுத்த வெள்ளைக் கட்டை, நடுவுல ஒரு கறுப்பு. நம்ம எல்லாரும் கேட்டிருக்கற அந்த "பேஏஏ... போஓஓ" அவ்வளவுதான். 1845 ல ஹாலந்துல உட்ரெக்ட் பக்கத்துல டாப்ளர் சொன்னதை சோதிச்சப்போ ரயில்ல டிரம்பெட் வாசிக்கறவங்களை ஏத்தி, தண்டவாளம் பக்கத்துல சுருதி ஞானம் உள்ளவங்களை நிக்க வச்சு காதாலதான் அளந்தாங்க.

செம்மண்டலத்துப் பொண்ணு எண்கள் ரெண்டும் சரி. ஆனா வரைபடம் போடச் சொன்ன இடத்துல ரயில் கிட்ட வர வர அதிர்வெண் ஏறிக்கிட்டே போய் கேட்ல உச்சம் தொட்டு அப்புறம் விழற மாதிரி வரைஞ்சிருந்தா. இது ரொம்பப் பேர் செய்யற தப்பு, பெரியவங்களும் செய்வாங்க, ஏன்னா சத்தம் கிட்ட வர வர ஏறுது, காது சத்தத்தையும் சுருதியையும் சேர்த்தே வாங்கிக்குது. பேசிப் புரிய வைக்க முடியாதுன்னு தோணுச்சு, ஞாயித்துக்கிழமை மூணு பேரையும் கூட்டிக்கிட்டு நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு ரயில்வே கேட்டுக்குப் போனேன், கேட்டுக்கு வெளிய தள்ளி நின்னோம், போன்ல அதிர்வெண்ணைக் கோடு கோடா காட்டற ஆப் போட்டு ரெக்கார்டு பண்ணோம். முதல் ரயில் கேட்டுக்கு ரொம்ப முன்னாடியே ஹார்னை நிறுத்திட்டுது, வீணாப் போச்சு. ஒரு மணி நேரம் வெயில்ல நின்னு அடுத்தது வந்தப்போ டிரைவர் கேட்டைத் தாண்டற வரைக்கும் அடிச்சார்.

திரைல ஹார்ன் ஒரு கோடா வரல, பல கோடு வந்துச்சு, அடுக்கடுக்கா, அதுல கீழ இருந்த தெளிவான கோட்டை மட்டும் பிடிச்சோம். தூரத்துல இருந்து வர்ற வரைக்கும் அது 392 ல பலகை மாதிரி நேரா படுத்திருக்கு. ஏறவே இல்ல. கேட்டுக்கு கொஞ்சம் முன்னாடி வளைய ஆரம்பிச்சு சரசரன்னு இறங்கி 352 ல மறுபடி நேரா படுத்துக்கிச்சு. பொண்ணு திரையை விரலால தடவிக்கிட்டே, "மிஸ், சத்தம் ஏறிக்கிட்டு இருக்கறப்பவே இது இறங்க ஆரம்பிச்சிடுச்சு மிஸ்"னு சொன்னா. அதேதான். தூரத்துல ரயில் நம்மை நோக்கியே வருது, முழு வேகமும் நம்ம பக்கம். கிட்ட வந்ததும் அது நம்மை நோக்கி வரல, நம்ம பக்கவாட்டுல போகுது, நம்ம பக்கம் வர்ற வேகப் பங்கு குறையுது, நேர் எதிர்ல சுழி ஆகுது. தாள்ல இருந்த 400 ஹெர்ட்ஸ் கணக்குக்கே தண்டவாளத்துல இருந்து 10 மீட்டர் தள்ளி நிக்கறதா வச்சா, 100 மீட்டர் தூரத்துல 424, 10 மீட்டர் முன்னாடி 417, நேர் எதிர்ல கிளம்பின சத்தம் 400, 10 மீட்டர் தாண்டினதும் 384. முன்னாடி 10 ல இருந்து தாண்டி 10 வரைக்கும் மொத்தம் ஒரே வினாடி. தண்டவாளத்துக்கு எவ்வளவு கிட்ட நிக்கறோமோ அவ்வளவு செங்குத்தா விழும், தள்ளி நின்னா சாய்வா விழும், எங்க நின்னாலும் ஏறாது. டிரைவர் வேகத்தைக் கூட்டினாலோ காத்து பலமா திசை மாறினாலோ மட்டும்தான் அந்தப் பலகை கொஞ்சம் சாயும்.

நின்ன இடத்துலயே அந்த ரெண்டு எண்ணை வச்சு ரயில் வேகத்தை எடுத்தோம், ஹார்னோட சொந்த அதிர்வெண் தெரியவே வேண்டாம்.

```
u = v (f1 - f2) / (f1 + f2)
u = 350 × (392 - 352) / (392 + 352) = 18.8
```

மணிக்கு 68 கி.மீ கிட்ட. இது சரியான்னு எப்படித் தெரியும்? நெல்லிக்குப்பத்துப் பையன் வீடியோவைப் பின்னாடி ஓட்டி பெட்டிகளை எண்ணினான், பழைய ஐசிஎஃப் பெட்டி ஒண்ணு சுமார் 22 மீட்டர், கம்பத்தை பத்துப் பெட்டி தாண்ட 12 வினாடி ஆச்சு, 220 ஐ 12 ஆல வகுத்தா 18.3. ஒலியை வச்சு ஒரு வழி, கண்ணை வச்சு ஒரு வழி, ரெண்டும் அரை மீட்டருக்குள்ள சேர்ந்துச்சு. அவன் இப்போ சந்தோஷப்பட்டது அந்த 341 க்கு பட்டதை விட நியாயமான சந்தோஷம், இது அவன் மனப்பாடம் பண்ணின எண்ணோட ஒத்துப்போகல, தனியா அளந்த இன்னொரு எண்ணோட ஒத்துப்போச்சு.

அடுத்த வாரம் அந்தப் பொண்ணு லேப்ல அனுமதி கேட்டு மறுபடி அளந்தா. ஸ்கேல் சுழி வாய்ல இருக்கான்னு முதல்ல பார்த்தா, இறக்கி ஒரு தடவை ஏத்தி ஒரு தடவை எடுத்தா. நோட்டுல புதுப் பக்கத்துல எழுதியிருந்தது: L1 15.9, L2 49.8, விட்டம் 3.6, e 1.05, வேகம் 347, அதுக்குப் பக்கத்துல அவளே ஸ்கேல் வச்சு கோடு போட்டு ஒரு கட்டம், உள்ள "அறை வெப்பநிலை 30°". பழைய பக்கத்தைக் கிழிக்கல, 49.1 மேல ஒரு கோடு மட்டும் போட்டு ஓரத்துல "அளந்தது 49.9" னு எழுதியிருந்தா.